அடியும் கன அடியும்

கேள்வி: மேட்டூர் அணை பற்றிய தமிழ் ஸ்லைடுகளை, ஜெர்மனியில் இருக்கும் சக பொறியாளருக்கு ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்பச் சொல்கிறார்கள். எங்கே சறுக்கும்?

பதில்: ‘நீர்வரத்து 10,000 கன அடி’ என்ற வரியில்! ‘வினாடிக்கு’ என்பதை நாம் எழுதாமலே விட்டுவிடுவோம். டீக்கடையில்கூட அது புரியும். ஜெர்மனிக்காரரோ நாள் முழுக்க வந்ததே அவ்வளவுதான் என்று நினைத்து, அணைக்காகக் கண்ணீர் விடுவார். சுருக்கும்போது அந்த வரியில் நீங்கள் சேர்க்க வேண்டிய ஒரே சொல் ‘வினாடிக்கு’தான்.

அடுத்தது டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கன அடி என்று ஒருமுறை விரித்து எழுதுங்கள். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்ற மூல எண்ணை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘சுமார் 2,647 மில்லியன் கன மீட்டர்’ என்று போடுங்கள். மூலத்தை அழித்தால், நாளை அவர் சந்தேகம் கேட்கும்போது ஸ்லைடில் எந்த எண் என்று நீங்களே தேடுவீர்கள். 120 அடி என்பது நீர்மட்டம். அதைக் கொள்ளளவோடு ஒரே வரியில் திணிக்காதீர்கள்.

பெயரிலும் ஒரு கண். ஒரு ஸ்லைடில் மேட்டூர் அணை, இன்னொன்றில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று இருக்கும். இரண்டும் ஒன்றே என முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காவிரியில் நமக்கு இன்னொரு அணையை அவர் இலவசமாகக் கட்டித் தந்துவிடுவார். கர்நாடகம் ஒப்புக்கொள்ளாது!