சட்டை மட்டும்தான், மாப்பிள்ளை அதே ஆள்!

கே: தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். போட்டோவில் வெள்ளைச் சட்டை. ஏஐ செயலியில் ‘சட்டையை நீலமாக்கு’ என்றேன். நீலம் வந்தது, தம்பியைக் காணோம், சினிமா ஹீரோ மாதிரி யாரோ நிற்கிறான். ஏன்?
– வாசகர், புத்தூர் நாலு ரோடு

ப: பெண் வீட்டார் சம்மதித்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை! இந்தச் செயலிகளில் பலவும் சட்டைக்கு மட்டும் சாயம் பூசுவதில்லை. உங்கள் படத்தைப் பார்த்து முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. நீங்கள் சொல்லாததை அவையே ஊகித்துக்கொள்ளும். மாற்ற வேண்டியது ஒன்று, தொடக்கூடாதவை பல, இரண்டையும் எழுதுங்கள்:

```
இவர் அணிந்துள்ள வெள்ளைச் சட்டையின் நிறத்தை மட்டும் அடர்நீலமாக மாற்று.
முகம், மீசை, தோல் நிறம், திருநீறு, தலைமுடி, பின்னணி, வெளிச்சம் எதையும் மாற்றாதே.
சட்டையின் காலர், பொத்தான், மடிப்பு, நிழல் அப்படியே இருக்கட்டும்.
படத்தை வெட்டாதே.
```

கடைசி இரண்டு வரிகளைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். மடிப்பும் நிழலும் போனால் சட்டை நீல அட்டை மாதிரி ஆகிவிடும்.

கே: ‘மயில் கழுத்து நிறம்’ என்று எழுதலாமா?
– வாசகி, உறையூர்

ப: சின்னக்கடை வீதி ஜவுளிக்கடையில் சொன்னால் உடனே எடுத்துப் போடுவார்கள். செயலி எந்தப் பக்கம் சாயுமோ! ‘பச்சை கலந்த அடர்நீலம்’ என்று நிறத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்.

கே: முகம் மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், ஸ்ரீரங்கம்

ப: பழைய படத்தையும் புதியதையும் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ‘துள்ளினால்’ அது மாறியிருக்கிறது. பிறகு பெரிதாக்கி, மச்சம், காது ஓரம், பல்வரிசை, கழுத்தும் காலரும் சேரும் இடம், விரல்கள் எல்லாம் பாருங்கள். மாப்பிள்ளை திடீரென்று ஒரு படி சிவந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தவறு தெரிந்தால் அந்தப் புதிய படத்தின் மேலேயே மறுபடி திருத்தாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். அசல் படத்துக்குத் திரும்பி, எது மாறியதோ அதைப் பட்டியலில் சேர்த்து மறுபடி கொடுங்கள். அப்போதும் அடம்பிடித்தால், சட்டைப் பகுதியை விரலால் தேய்த்துத் தேர்வு செய்யும் வசதி உள்ள செயலிக்குப் போங்கள்; வெளியே இருப்பது பெரும்பாலும் தப்பிக்கும்.

கே: கறுப்புச் சட்டையை வெள்ளையாக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், தில்லைநகர்

ப: முடியும், ஆனால் கஷ்டம். வெள்ளையில் மடிப்பெல்லாம் தெரியும், அதன் மேல் நிறம் ஏற்றினால் போதும். அடர்கறுப்பில் மடிப்பே பதிவாகியிருக்காது. செயலி கற்பனையாகத்தான் வரையும்.

கே: பாஸ்போர்ட்டுக்கு இப்படி மாற்றின போட்டோ கொடுக்கலாமா?
– வாசகர், புத்தூர்

ப: கூடாது. கணினியில் திருத்திய படம் ஆகாது என்பது விதி. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் வெள்ளைச் சட்டை அதோடு கலந்துவிடும். அடர்நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு நடங்கள், பெரியவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். தம்பியும் தம்பியாகவே வருவான்.