பட்டனை விடாமல் பிடித்துக்கொள்ளலாம், சார்!

கோயில் திருவிழா நோட்டீஸ் எழுதிப் பழகிய கை வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பிறையில் ஒரு சாட்சி உண்டு. சாட்சி வேறு யாருமில்லை, கட்டுரையாளரின் அக்கா மகன்தான். எழுதிய கை கட்டுரையாளருடையது.

நோட்டீஸ் மொழிக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஐம்பது ரிங்கிட் கொடுத்தவர் வள்ளல், நூறு கொடுத்தவர் பெருவள்ளல். இருபது வருடமாக இப்படி எழுதியவரிடம், பிறை தொழிற்பேட்டையில் டெக்னீஷியனாக இருந்த மருமகன் வந்து, “மாமா, பக்கத்து ஃபேக்டரியில ஆள் எடுக்கறாங்க, ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க” என்றான். என்னென்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். மெஷின் நின்றால் அலாரத்தைப் பார்ப்பான், கெட்டுப்போன சென்சாரை மாற்றுவான், ரீசெட் செய்வான். மாமாவின் விரல்கள் கீபோர்டில் இறங்கியபோது அது “பிஎல்சி புரோகிராமிங் பணிகளை முன்னின்று நடத்தியவர்” என்று ஆகிவிட்டது. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் “மூன்றாண்டு அனுபவம்” ஆயின. கொய்த்தியோ கடையில் “காரம் கம்மி” என்று ஹொக்கியனில் சொல்லத் தெரியும் என்பதால் “மாண்டரின் சரளம்”. இப்போதைய சம்பளம் 3,800 ரிங்கிட்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்கா வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

எதிரே இருவர். ஒருவர் பராமரிப்புப் பிரிவின் சீன இன்ஜினியர், மற்றவர் மனிதவளப் பிரிவு அம்மா. இன்ஜினியர் கடிதத்தை எடுத்து, பிஎல்சி என்ற சொல்லின் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். கேள்வித்தாளை அவர் தயாரித்துக்கொண்டு வரவே இல்லை. கட்டுரையாளர் தட்டச்சு செய்து அனுப்பியிருந்ததே போதுமானதாக இருந்தது. ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, “ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திட்டு விட்டதும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கணும். ஸ்டாப் அழுத்தினா நிக்கணும். லேடர் வரைஞ்சு காட்டு” என்றார்.

இது பிஎல்சி வகுப்பின் முதல் வாரப் பாடம். ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில், இணையாக, மோட்டார் அவுட்புட்டின் கான்டாக்ட் ஒன்றையே போட வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்தக் கான்டாக்ட் மூடிக்கொள்ளும். பட்டனை விட்டாலும் மின்சாரத்துக்கு அதன் வழியே பாதை இருக்கும். ஸ்டாப் வரிசையில் வரும்; அதை அழுத்தினால் பாதை அறுந்துவிடும். மொத்தம் நாலு குறி, ஒரு கோடு. புரோகிராம் எழுதியவன் தூக்கத்தில்கூட வரைந்துவிடுவான், எழுதாதவன் அரை நிமிடத்தில் தெரிந்துவிடுவான்.

மருமகன் யோசித்தான். கடைசியில், “பட்டனை விடாம பிடிச்சுக்கலாம், சார்” என்றான்.

இன்ஜினியர் சிரிக்கவில்லை. அதுதான் மோசம் என்கிறான் இன்றைக்கும். அடுத்து மாண்டரினில் ஏதோ கேட்டார். பையன் ஹொக்கியனில் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். பினாங்கில் வளர்ந்தவனுக்கு இரண்டும் வேறு மொழி என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பிறகு மனிதவள அம்மா ஈபிஎஃப் அறிக்கையைக் கேட்டார். மலேசியாவில் இது பொய்க்குக் கூண்டு மாதிரி. தொழிலாளி சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிப்பார்கள். 5,000 ரிங்கிட் வரை சம்பளமென்றால் முதலாளி 13 விழுக்காடு சேர்த்துக் கட்ட வேண்டும். அவர் கால்குலேட்டரைத் தொடவில்லை. மாதாமாதம் தொழிலாளி பங்கு 264, முதலாளி பங்கு 312 என்று வரிசையாக நின்றது. 3,800 சம்பளமென்றால் அங்கே 418ம் 494ம் நின்றிருக்க வேண்டும். 264 நிற்கிறது என்றால் சம்பளம் 2,400. மாதங்களையும் எண்ணினார்: 26.

இங்கேதான் கதையின் வேதனையான இடம் வருகிறது. பையன் உண்மையிலேயே மாதம் 3,300 வரை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஓவர்டைம். ஆனால் ஓவர்டைம் பணத்துக்கு ஈபிஎஃப் பிடிப்பதில்லை, அறிக்கையில் அதன் சுவடே தெரியாது. “அடிப்படை 2,400, ஓடியோடு சராசரி 3,300” என்று எழுதி, மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பின் செய்திருந்தால் அந்த அம்மா தலையாட்டியிருப்பார். மாமா 500 ரிங்கிட் கூட்டியதில், நிஜமாகவே சம்பாதித்த 900 ரிங்கிட்டும் சந்தேகத்தில் போயிற்று.

பிறை மாமாவுக்கு மட்டும் இந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில் யாகூவின் தலைமை நிர்வாகியான ஸ்காட் தாம்சன், அதற்குமுன் பேபால் நிறுவனத்தை நடத்தியவர். கணக்கியலிலும் கணினி அறிவியலிலும் பட்டம் என்று அவரைப் பற்றிய குறிப்பு சொன்னது. கணக்கியல் பட்டம் நிஜம். அவர் 1979ல் படித்து முடித்த ஸ்டோன்ஹில் கல்லூரி கணினி அறிவியல் பட்டம் கொடுக்கத் தொடங்கியதோ 1983ல். பங்குதாரர் நிறுவனம் ஒன்று இதைத் தோண்டி எடுத்தது. மே மாதம் அவர் பதவியை விட்டார். பேபாலை நடத்தியவரை அந்தப் பட்டம் இல்லாமலேயே எடுத்திருப்பார்கள் என்பதுதான் இதில் எரிச்சல்.

நம் நாட்டில் 2019 பிப்ரவரியில் துணை வெளியுறவு அமைச்சர் மர்சுகி யாயாவின் கேம்பிரிட்ஜ் பட்டம் பற்றிக் கேள்வி எழுந்தது. அது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் அல்ல, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி, தொலைவழிக் கல்வி என்று அவர் விளக்கினார். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் தொல்லை இது. விண்ணப்பத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதிவிட்டால் தீர்ந்துவிடும், ஆனால் ஊரை எழுத யாருக்கு மனம் வரும்?

மருமகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அந்தத் தொழிற்சாலையின் விண்ணப்பப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்ததாம்: தகவல்களைச் சரிபார்க்கச் சம்மதம், பொய் என்று பின்னால் தெரிந்தாலும் வேலையிலிருந்து நீக்கலாம். கையெழுத்துப் போட்டது அவன்தான். மாமாவின் பெயர் எங்கேயும் இல்லை.

கிளம்பும்போது இன்ஜினியர் ஒன்று கேட்டாராம்: “சென்சார் மாத்தத் தெரியுமா?” தெரியும் என்று பிராக்ஸிமிட்டி சென்சார் எப்படி அடிக்கடி எண்ணெய் படிந்து ஏமாற்றும், அடைப்புக்கும் கேபிள் அறுந்ததற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று பையன் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறான். “இதை ஏன் லெட்டர்ல எழுதல?” என்றாராம் அவர்.

அடுத்த கடிதத்தை மருமகனே சொல்லச் சொல்ல மாமா அடித்தார். பெயரடை எதையும் சேர்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். எந்த மெஷின், எந்த சென்சார், எத்தனை மாதம், அடிப்படை எவ்வளவு, ஓடி எவ்வளவு என்று முக்கால் பக்கத்தில் முடிந்தது. “பிஎல்சி: அலாரம் படித்து ரீசெட் செய்வேன், புரோகிராம் எழுதியதில்லை, கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்ற வரியை அடிக்கும்போது மாமாவின் கை நடுங்கியது உண்மை. மாண்டரினை எடுத்துவிட்டார்கள். “ஹொக்கியனில் நூறு வரை எண்ணத் தெரியும்” என்பது மட்டும் அக்காவின் பிடிவாதத்தால் நின்றது. அனுப்புவதற்குமுன் மாமா அவனை நூறு வரை எண்ணவைத்துப் பார்த்தார். அறுபத்தேழில் ஒரு தடவை தடுக்கினான்.