கடவுள் செயலுக்கு வாரண்டி கிடையாது

என் மைத்துனன் கோயம்புத்தூரில் சின்னதாக டேபிள் டாப் கிரைண்டர் தயாரிக்கிறான். ஒருநாள் வாரண்டி கார்டோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, இதை யாரும் படிக்கறதில்லீங்க. அப்புறம் பெல்ட் அறுந்ததுக்கெல்லாம் சண்டைக்கு வர்றாங்க. தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றான். 32 வருடம் அரசாங்க ஆபீசில் கோப்பு எழுதியவன் நான். என் தமிழுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்து வெகுகாலம் ஆகியிருந்ததால், காபி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் உழைத்தேன். விலக்குகள் பற்றிய என் வாக்கியம் இப்படி முடிந்திருந்தது: "பெல்ட், ஸ்விட்ச், வயர், மூடி, தேங்காய் துருவி ஆகியவற்றில் இயல்பான பயன்பாட்டினால் ஏற்படும் தேய்மானம், உடைவு மற்றும் பழுதுகளுக்கு இவ்வுத்தரவாதம் பொருந்தாது."

மனைவியிடம் நீட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பாதி படித்துவிட்டு, "பரவாயில்லையே, தேங்காய் துருவிக்குக்கூட வாரண்டி குடுக்கறானே!" என்றாள்.

கோபம் வந்தது. யோசித்தால் தப்பு என்னுடையது. இங்கிலீஷ் வாக்கியத்தில் 'கிடையாது' என்ற சேதி முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். பட்டியல் முழுக்க ஆசை காட்டிவிட்டு, யாரும் படிக்காத ஓரத்தில் 'பொருந்தாது' என்று போட்டிருந்தேன். ஆகவே மாற்றினேன்: "இவற்றுக்கு வாரண்டி இல்லை. மாற்ற நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்." அதற்குக் கீழே வரிக்கு ஒன்றாகப் பொருள்கள். 'உத்தரவாத'த்தையும் எடுத்துவிட்டேன். கடைக்காரர் முதல் பாட்டி வரை எல்லோருக்கும் அது வாரண்டிதான்.

அடுத்த கண்டம் கடவுளால் வந்தது. மூலத்தில் இருந்த சட்டச் சொல்லை அப்படியே 'கடவுளின் செயலால் ஏற்படும் சேதம்' என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் பெண்ணுக்கு வரன் அமைந்தாலும், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தாலும் 'எல்லாம் கடவுள் செயல்' என்போம். நல்லது நடந்தால் வாரண்டி போய்விடுமா என்று மனைவி கேட்டாள். 'இடி, மின்னல், வெள்ளம், தீ' என்று திருத்திக் கடவுளை விடுவித்தேன். வோல்டேஜ் ஏறி இறங்கிப் பழுதானாலும் வாரண்டி இல்லை என்பதைத் தனி வரியாக்கினேன்.

'மோட்டாருக்கு 5 ஆண்டு' என்ற வரி பார்க்க எளிது. ஆனால் சுற்றுவதெல்லாம் மோட்டார் என்றுதான் நான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். கிரைண்டர் 'உம்'மென்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பல நேரம் போயிருப்பது கெபாசிட்டர். அது மோட்டாரில் சேர்த்தியா என்று மைத்துனனுக்குப் போன் போட்டேன். "இல்லீங்க மாமா, காயில் எரிஞ்சா மட்டும்தான்" என்றான். கார்டில் அது எங்கே இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் மனதில் மட்டும் இருந்த நிபந்தனையை நான் எதைப் பார்த்து மொழிபெயர்ப்பது? 'மோட்டார் காயிலுக்கு மட்டும் 5 ஆண்டு. கெபாசிட்டர் உட்பட மற்றவற்றுக்கு 1 ஆண்டு' என்று அவனையே சொல்லவைத்து எழுதினேன்.

பழுதானால் என்ன செய்வது என்ற பகுதியை என் சொந்த அனுபவத்திலிருந்தே எழுதலாம். அதாவது, நான் செய்ததற்கு நேர்மாறாக. போன வருடம் ஒரு மிக்ஸிக்காக பில்லைத் தேடி எடுத்தபோது அது வெள்ளைத் தாளாக இருந்தது. அந்த வழவழப்புத் தாளில் அச்சு நாளடைவில் மங்கிவிடும். அதனால் முதல் வரி: "வாங்கிய அன்றே பில்லை ஜெராக்ஸ் எடுங்கள்; கார்டில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள்." அடுத்தது, மெஷினின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்துவைப்பது. பிறகு, தெரு மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுக்காமல் கம்பெனிக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குவது. நான் திறக்கக் கொடுத்திருந்தேன்.

'வழக்குகள் கோவை நீதிமன்றத்துக்கு உட்பட்டவை' என்ற வரியை மைத்துனனிடம் சொல்லி எடுக்கச் செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்.

மிச்சமிருந்தது 'வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி இல்லை' என்ற வரி. ஓட்டல் வைத்தால்தான் வணிகம் என்று ஜனங்கள் நினைப்பார்களே! தெளிவாக எழுதினேன்: "வீட்டிலேயே அரைத்தாலும், மாவை விற்றால் வாரண்டி இல்லை."

கடைசிப் பரீட்சைக்கு மனைவியை உட்காரவைத்தேன். பெல்ட் அறுந்தால்? "நம்ம காசு." காயில் எரிந்தால்? "அவன் காசு." கெபாசிட்டர், இரண்டாம் வருடம்? "நம்ம காசு." எல்லாம் சரி. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி படித்தாள். எங்கள் வீட்டு கிரைண்டரும் அவள் தம்பி கம்பெனியுடையதுதான். எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் தினமும் மாவு போவது அதிலிருந்துதான்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "இந்த ஒரு வரியை மட்டும் இங்கிலீஷ்லயே விட்டுடுங்க."