மானுக்கு எட்டு எழுத்து

எங்கள் ஊரின் பெயர் 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர். இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஊர் மாறியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஸ்ரீ என்பது நாலு எழுத்து என்பதைத் தவிர.

என் பிழைப்பு சப்டைட்டில் எழுதுவது. சுற்றுலா வீடியோக்களில் உள்ளூர்க்காரர்கள் ஹிந்தியில் பேசுவதைத் தமிழில் போட வேண்டும். செல்போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிற வீடியோ என்பதால் வரிக்கு 32 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, நொடிக்கு 16 எழுத்துக்கு மேல் கூடாது. "பேச்சு மாதிரியே இருக்கணும் சார்" என்பது கூடுதல் நிபந்தனை.

இந்த 'எழுத்து' நீங்களும் நானும் திண்ணைப் பள்ளிக் கணக்கில் எண்ணுகிற எழுத்து இல்லை. கணினிக்கு க ஒன்று, அதன் தலைமேல் புள்ளி இன்னொன்று. ஆக 'க்' இரண்டு. கொம்பு, கால், சுழி எல்லாமே தனித்தனி. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்ன தொல்காப்பியர், அதற்கும் தனியாகப் பில் போடுவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார். 'ஸ்ரீ' நாலு ஆனதும் இப்படித்தான்: ஸ, புள்ளி, ர, மேலே ஒரு சுழி.

போன மாதம் ஒரு கிளிப் வந்தது. ராஸ் தீவில் ஒரு கைடு பையன் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "பையா, ராஸ் மே ஹிரண் பஹுத் ஹை, ஹாத் கா சிப்ஸ் சம்பால் கே ரக்னா!" இரண்டரை நொடி. அதாவது என் கையிருப்பு 40 எழுத்து.

முதலில் மனசாட்சியோடு எழுதினேன். "அண்ணே, ராஸ் தீவுல மான் நிறைய இருக்கு, கையில இருக்கிற சிப்ஸைப் பத்திரமா வச்சுக்கோங்க!" 84. திரை முழுக்கச் சிவப்பு. இத்தனைக்கும் பேச்சுத்தமிழ் நமக்குக் கை கொடுக்கிற மொழி. 'இருக்கிறது' பத்து, 'இருக்கு' ஏழு. 'வைத்துக்கொள்ளுங்கள்' பத்தொன்பது, 'வச்சுக்கோங்க' பன்னிரண்டு. இலக்கணத்தைத் தின்றுதான் இந்தத் தொழிலில் வயிறு வளர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே தின்றும் போதவில்லை.

அடுத்து வெட்டினேன். "ராஸ்ல மான் இருக்கு, சிப்ஸ் பத்திரம்!" 36. காற்புள்ளியில் மடக்கினால் இரண்டு அழகான வரி. அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மெயில். ராஸ் தீவின் பெயர் 2018 டிசம்பரிலேயே மாறிவிட்டது, அதிகாரப்பூர்வப் பெயரைத்தான் போட வேண்டும். கூடவே, "அந்தப் பையன் அண்ணே என்று கூப்பிடுகிறானே, அது எங்கே?"

இரண்டும் நியாயம்தான். போட்டுப் பார்த்தேன்: "நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில்". எண்ணினால் சரியாக 32. ஒரு வரி, சுவருக்குச் சுவர். நாற்பதில் மிச்சம் எட்டு. அந்த எட்டுக்குள் மான் வரலாம், ஒரு ஆச்சரியக்குறியும் வரலாம். சிப்ஸ் வர முடியாது. 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில் மான்!' என்று படித்தால் ஏதோ தலைப்புச் செய்தி போல இருந்தது.

அதையும் அனுப்பினேன். சரிபார்ப்பவர் 33 என்று திருப்பி அனுப்பினார். அரை மணி நேரம் விரல் விட்டு எண்ணினேன், 32தான். கடைசியில் பார்த்தால் அவர் பழைய விசைப்பலகையில் 'போஸ்' என்பதைத் திரும்ப அடித்திருக்கிறார். அதில் 'போ' என்பதன் கொம்பும் காலும் இரண்டு தனித்துண்டாக விழுந்திருக்கின்றன. புது முறையில் அது ஒரே குறி. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பேக்ஸ்பேஸில் அழித்தால் ஒரு தடவை கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கும். அழித்துவிட்டு மறுபடி அடித்ததும் சரியானது.

வழி அப்புறம்தான் தோன்றியது. பையன் நிற்பது ராஸ் தீவில். பின்னால் இடிந்த கட்டடம், சுவரைக் கட்டிப்பிடித்த ஆல வேர், எல்லாம் தெரிகிறது. எந்த இடம் என்று அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. முழுப்பெயரை யாரும் பேசாத நாலு நொடி கடல் காட்சிக்கு மேல் எழுதினேன். நேதாஜி நிம்மதியாக நின்றார். பையனுக்கு இது:

"அண்ணே, மான் இருக்கு,
சிப்ஸ் பத்திரம்!"

முப்பத்தேழு. அண்ணனும் திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. ஹிந்தி புரியாத தமிழர் இங்கே அபூர்வம். ஆகவே சப்டைட்டில் தேவைப்படாதவர்கள்தான் அதை உன்னிப்பாகப் படிப்பார்கள். அம்மா அதில் முதல் ஆள். போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டா, 'ஹாத் கா'ன்னு சொன்னானே, கை எங்கடா?"

"கைதான் படத்துல தெரியுதேம்மா."

அம்மா மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கை தெரிந்தது. சிப்ஸ் பாக்கெட் மான் வாயில் இருந்தது.