முறுக்கின் விலையும் அம்மாவின் கூலியும்

வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை வணிக மேலாண்மை படிக்கச் சென்றால், அவ்வீட்டு அடுப்படி செயல்திட்ட அறிக்கையின் ஆய்வுக்களமாக மாறுவதைத் தவிர்க்க இயலாது. அறிக்கையின் முதற்பணி சந்தைப் பகுப்பு, அதாவது வாங்குவோரை ஒத்த இயல்புடைய குழுக்களாகப் பிரிப்பது. பாடநூல் இதை வயதையும் வருவாயையும் கொண்டு செய்யச் சொல்கிறது. தெருவோ ரொக்கம் தருவோர், கணக்கில் எழுதச் சொல்வோர், ருசி பார்க்க வந்து கால் கிலோவை முடித்துச் செல்லும் உறவினர் என எப்போதோ பிரித்துவிட்டது.

சிக்கல் தொடங்குவது அடக்க விலையில், அதாவது ஒரு பண்டத்தை உருவாக்க ஆகும் மொத்தச் செலவில். ஒரு கிலோ அரிசி மாவு, அதற்கேற்ற உளுந்து மாவு, வெண்ணெய், எள், முறுக்கு குடித்த எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்கு 240 ரூபாய் ஆகி, ஒன்றரைக் கிலோ முறுக்கு கிடைப்பதாகக் கொண்டால், கிலோவுக்கு 160 ரூபாயும் உறைகளுக்கு 20 ரூபாயும் சேர்ந்து 180 ஆகிறது. கடையில் 320 ரூபாய்க்கு விற்று, கடைக்காரர் தம் பங்காக 20 விழுக்காட்டை, அதாவது 64 ரூபாயை எடுத்துக்கொண்டபின், குடும்பத்துக்கு 76 ரூபாய் இலாபம் நிற்கிறது. இக்கணக்கில் அம்மா இல்லை. இந்த ஒன்றரைக் கிலோவுக்குப் பிழிபவரும் சுட்டெடுப்பவரும் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் உழைப்பதற்கு மணிக்கு 60 ரூபாய் கூலி போட்டால் கிலோவுக்கு 120 ரூபாய் ஏறி, இலாபம் 44 ரூபாய் நட்டமாகிவிடும். பல ஆண்டுகளாகக் குடும்பம் இலாபம் என்று கொண்டாடியது அம்மாவுக்குக் கொடுக்காத சம்பளத்தைத்தான்.

விற்பனை வழி, அதாவது பண்டம் வாங்குவோரைச் சென்றடையும் பாதை, இந்நட்டத்தை மேலும் கூட்டுகிறது. ஆர்டரை முடிக்கும் அவசரத்தில் முறுக்கைச் சூடு ஆறுமுன் கட்டினால், ஆவி உறையின் உட்புறத்தில் முத்துமுத்தாகப் படிந்து முறுக்கை நமத்துப்போகச் செய்யும்; உடைக்கும்போது நொறுங்காமல் வளைந்து கொடுக்கும் முறுக்கைக் கடைக்காரர் மறுவாரமே திருப்பித் தருவார். திரும்பி வந்த சரக்கு அப்பாவின் மாலைத் தேநீருக்குத் துணையாவதை அறிக்கை 'கழிவு மேலாண்மை' எனக் குறிக்கிறது.

ஆகவே மாணவர் கடையை விலக்கி, முன்கூட்டியே ஆர்டர் பெற்று வீட்டிலேயே விற்கப் பரிந்துரைக்கிறார். சரக்கு திரும்பாது, கடைக்காரரின் பங்கும் மிச்சம், கூலியும் சேர்ந்து அடக்கம் 300 ரூபாய் என்பதால் கிலோவுக்கு 20 ரூபாய் உண்மையான இலாபம். எனினும் தராசு சமநிலைக்கு வந்தபின்பும் ஒரு கை அள்ளிப்போடாமல் அம்மாவுக்கு மனம் ஆறாது. அந்தக் கொசுறு 60 கிராம். அடக்கப்படி 18 ரூபாய். அதை நிறுத்தச் சொல்லும் துணிவு வீட்டில் எவருக்கும் இல்லாததாலும், அறிக்கையில் விளம்பரம் என்னும் அதிகாரம் அதுவரை காலியாக இருந்ததாலும், கொசுறு அங்கே வாடிக்கையாளர் தக்கவைப்புத் திட்டம் என்ற தலைப்பில் இடம்பெற்றது.