தலைக்கு ஐந்நூறு

அரசுப் பள்ளி ஆசிரியர் எந்த நாளில் ஓய்வுபெறுவார் என்பது அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதியிலிருந்து தெரிந்துவிடும். கல்வியாண்டின் நடுவில் 60 நிறைந்தால், ஆண்டு முடியும்வரை மறுநியமனமும் உண்டு. இவ்வளவு அவகாசம் இருந்தும் பிரிவுபசார வசூல் கடைசிப் பத்து நாளில்தான் தொடங்குகிறது.

ஓர் ஆசிரியர் அறையின் கணக்கைப் பாருங்கள். 24 பேர், தலைக்கு 500, கடைசி நாள் 20ஆம் தேதி. 12,000 ரூபாய்க்கு ஒரு சிறு மோதிரம் என்று திட்டம். 20ஆம் தேதி மாலை 14 பேர் கொடுத்திருந்தார்கள். எட்டுப் பேர் "சம்பளம் வரட்டும் சார்" என்றார்கள். சம்பளம் வருவது மாதக் கடைசியில், விழாவோ 28ஆம் தேதி. ஒருவர் 200 கொடுத்துவிட்டு, தன் பெயர் வாழ்த்து மடலில் முதலில் வரவேண்டும் என்றார். மற்றவர் விடுப்பில், குழுவில் கைகூப்பும் பொம்மை மட்டும் அனுப்பினார்.

கெடு 25க்கு நகர்ந்தது. தங்கத்துக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை போலும். அதற்குள் விலை ஏறிவிட்டது. செய்கூலி, சேதாரம், மூன்று சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், கையில் இருந்த 7,200க்கு மோதிரத்தில் கல் வைக்கும் இடம்தான் கிடைக்கும் என்று தெரிந்தது. வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கு இறங்கினார்கள். பெறப்போகிறவர் கணக்கு சார் என்பது அப்புறம்தான் ஒருவருக்கு உறைத்தது.

அவரை அந்த வசூல் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாளே 500 அனுப்பியவர் அவர்தான்.