பர்கர் மாட்டியது, ஷேக் தப்பியது

2016 ஜூலை பட்ஜெட்டில் கேரள அரசு, பிராண்ட் உணவகங்களின் பர்கர், பீட்சா, டோநட் வகையறாக்கள் மீது 14.5 சதவீதக் ‘கொழுப்பு வரி’ போட்டது. மெல்லுவதெல்லாம் குற்றவாளி, உறிஞ்சுவது சாட்சிகூட இல்லை. மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்து அந்த வரியும் போனது.

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஊழியர் மதியம் சோற்றைப் பாதியாக்கிக்கொள்வார். மாலையில் ஒரு ஷார்ஜா ஷேக். உறைந்த பால் 200 மில்லி, சிறுபழம் இரண்டு, சர்க்கரை மூன்று ஸ்பூன், மேலே பூஸ்ட் தூவல்: ஏறக்குறைய 350 கலோரி. ஐந்தாறு இட்லி என்றால் கை தயங்கும், ஸ்ட்ரா தயங்குவதில்லை. அது ‘தாகத்துக்கு’ அல்லவா!

வயிற்றின் கணக்குப்பிள்ளையும் திரவத்தைச் சரியாகப் பதிவுசெய்வதில்லை. 2000-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 15 பேர் நான்கு வாரம் தினமும் 450 கலோரியை மிட்டாயாகத் தின்றார்கள். இன்னொரு நான்கு வாரம் அதையே இனிப்புச் சோடாவாகக் குடித்தார்கள். மிட்டாய்க் காலத்தில் மற்ற சாப்பாடு தானாகக் குறைந்தது. சோடாக் காலத்தில் குறையவில்லை, எடை கூடியது. ஆய்வு சிறியதுதான், ஆனால் பெல்ட்டின் ஓட்டைகள் மறுக்கவில்லை.

சோடாவைக் கைவிட்டவர் பழச்சாறு டப்பாவுக்கு மாறுவார். ‘100% பழச்சாறு’ என்ற விளம்பரத்தை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. முகப்பில் மாம்பழம் சிரிக்கும். சர்க்கரைக் கணக்கு பின்பக்கம், 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்று. பெருக்கல் வாங்குபவர் பொறுப்பு.